முதல் பக்கத்துக்கு வழிவிடும் தலைப்புகள்

ஓர் இணைய இதழ் பாம்பன் பாலத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். எழுதுவதற்கு விஷயம் நிறைய இருக்கிறது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், கப்பல் வரும்போது நடுவில் பிரிந்து மேலே எழும் அதன் ஷெர்சர் தூக்குப் பகுதி, 1964 டிசம்பரில் வந்த புயல், 2007இல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் என ஐந்து பகுதிகளாகக் கட்டுரை வளர்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் செல்பேசியில் படிப்பவர் தள்ளித் தள்ளி அலுத்துப்போவார் என்று ஆசிரியர் குழு அதை ஐந்து பக்கங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 1, 2, 3, 4, 5 என்ற எண்கள்.

சில வாரம் கழித்து ஒருவர் கூகுளில் ‘பாம்பன் பாலம்’ என்று தேடுகிறார். வந்து நிற்பது ஐந்தாம் பக்கம். திறந்தால், பழைய தூக்குப் பகுதிக்கு வயதாகிவிட்டதால் புதிய பாலம் தேவைப்பட்டது என்று நடுவிலிருந்து தொடங்குகிறது. எந்தத் தூக்குப் பகுதி, அது எப்படி வேலை செய்தது என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வந்தவருக்கு அது தெரியாது. இன்னொருவர் 1964 புயலில் பாம்பன் ரயிலுக்கு என்ன ஆனது என்று தேடுகிறார். அவருக்கு வருவது முதல் பக்கம். அங்கே புயலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. முழு விவரம் மூன்றாம் பக்கத்தில் இருப்பதை அறியாமலே அவரும் திரும்பிப் போகிறார்.

கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. ஐந்து பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு இருந்ததுதான் சிக்கல்.

இங்கே தலைப்பு என்பது கட்டுரையின் மேலே பெரிய எழுத்தில் தெரிவதை அல்ல. ஒவ்வொரு இணையப் பக்கத்தின் நிரலிலும் `<title>` என்ற குறிக்குள் ஒரு வரி இருக்கும். பக்கத்தின் உள்ளே அது தெரியாது, வெளியேதான் தெரியும். பிரவுசரில் டேபின் மேல் தெரிவது அதுதான். ஒரு பக்கத்தைப் புக்மார்க் செய்தால் சேமிக்கப்படும் பெயர் அதுதான். தேடல் முடிவுகளில் நீல எழுத்தில் வரும் வரிக்குக் கூகுள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். எழுதுகிறவர் அதைப் பெரும்பாலும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. தளத்தை நடத்தும் மென்பொருள் கட்டுரையின் பெயரை எடுத்து அங்கே தானாகவே போட்டுவிடும். ஐந்து பக்கக் கட்டுரை என்றால் அதே பெயரை ஐந்து முறை போடும்.

தேடுபொறிக்குக் கட்டுரை என்ற ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்தவை முகவரிகள் மட்டுமே. `/pamban/` ஒரு பக்கம், `/pamban/3/` இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறது, தனித்தனியாகப் பட்டியலில் சேர்க்கிறது, யாராவது தேடும்போது தனித்தனியாக எடைபோடுகிறது. ஐந்தின் நெற்றியிலும் ‘பாம்பன் பாலம்: முழு வரலாறு’ என்று எழுதியிருந்தால், ‘பாம்பன் பாலம்’ என்ற தேடலுக்கு அந்த ஒரே தளத்திலிருந்து ஐந்து வேட்பாளர்கள் நிற்கிறார்கள். ஒரே தளத்தின் பக்கங்கள் முடிவுகளின் மேல்வரிசையில் பொதுவாக இரண்டுக்கு மேல் வராது என்று கூகுள் 2019 ஜூனில் அறிவித்தது. ஆகவே ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் முன்னே வர முடியும். எது வரும் என்பதைத் தலைப்பு சொல்லவில்லை என்றால் வேறு காரணங்கள் முடிவு செய்யும்.

அந்த வேறு காரணங்கள் பல நேரம் கடைசிப் பக்கத்துக்கே சாதகமாக அமையும். புதிய பாலத்தின் படங்கள் ஐந்தாம் பக்கத்தில் இருப்பதால் அந்த முகவரியைத்தான் பலர் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். மற்றத் தளங்கள் லிங்க் கொடுத்தாலும் அதற்கே கொடுப்பார்கள். ‘பாலம்’ என்ற சொல்லும் அங்கே அதிகம் வரலாம். தேடுபொறியின் கண்ணுக்கு அதுவே முக்கியமான பக்கம்போலத் தெரிகிறது. ஒரு தளத்தின் பக்கங்கள் ஒரே தேடலுக்காகத் தங்களுக்குள் மோதிக்கொள்வதை இத்துறையில் இருப்பவர்கள் ‘கேனிபலைசேஷன்’ என்கிறார்கள். பெயர் கொடூரமாக இருந்தாலும் நடப்பது அமைதியாகவே நடக்கும். எங்கும் பிழைச் செய்தி வராது, தளமும் வழக்கம்போல் ஓடும். வாசகர் மட்டும் தவறான வாசல் வழியே உள்ளே வருவார்.

இதற்கு ஒரு காலத்தில் எளிய தீர்வு இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். 2011 செப்டம்பரில் கூகுள் `rel="next"`, `rel="prev"` என்ற இரண்டு குறிகளுக்கு ஆதரவு தருவதாக அறிவித்தது. ‘இது வரிசையின் மூன்றாம் பக்கம், இதற்கு முன் இது, பின் இது’ என்று நிரலில் எழுதிவிட்டால், எல்லாம் ஒரே கட்டுரையின் துண்டுகள் என்று தேடுபொறி புரிந்துகொண்டு, பொதுவாக முதல் பக்கத்துக்கே வாசகரை அனுப்பும் என்பது ஏற்பாடு. தளங்கள் அந்தக் குறிகளை அக்கறையோடு சேர்த்தன. 2019 மார்ச்சில் கூகுள் வேறொன்றைச் சொன்னது. அந்தக் குறிகளை அது இப்போது பயன்படுத்துவதில்லை, அதுவும் சில ஆண்டுகளாகவே பயன்படுத்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவற்றை நம்பி இருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. குறிகள் இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. பக்கங்களைக் கண்டுபிடிக்க அவை பிங் தேடுபொறிக்கு உதவுவதாக அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் அப்போது சொன்னார். ஆனால் முதல் பக்கத்தை முன்னே நிறுத்தும் பொறுப்பு அன்றிலிருந்து தளத்தை நடத்துபவரின் கைக்கே திரும்பிவிட்டது. அதில் அவரிடம் இருக்கும் முதல் கருவி தலைப்பு.

பாம்பன் கட்டுரைக்குத் திரும்புவோம். தலைப்புகளைத் திருத்த உட்காரும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பக்கங்கள் எந்த அடிப்படையில் பிரிந்திருக்கின்றன? ஆயிரம் சொல்லுக்கு ஒரு வெட்டு என்று நீளத்தை மட்டும் பார்த்துப் பிரித்திருந்தால் மூன்றாம் பக்கத்துக்கென்று தனிப்பொருள் கிடையாது. அதற்குப் புதுத் தலைப்பு கண்டுபிடிப்பது வீண். முதல் பக்கத்தின் பெயரோடு ‘பக்கம் 3’ என்று சேர்த்தால் போதும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டுரையின் நடுவே `<!--nextpage-->` என்று இட்டால் அந்த இடத்தில் பக்கம் பிரியும். இரண்டாம் பக்கம் முதல் தலைப்பில் பக்க எண்ணையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். தளத்தின் வடிவமைப்போ கூடுதலாகச் சேர்த்த செருகுநிரலோ அதை மாற்றிவிடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளைப் பார்த்துப் பிரித்திருந்தால் கதை வேறு. பாம்பன் கட்டுரை அப்படித்தான் பிரிந்திருக்கிறது. புயலைப் பற்றி மட்டும் அறிய வருகிறவர் உண்டு, ஷெர்சர் தூக்கு எப்படி இயங்கியது என்று கேட்கிற பொறியியல் மாணவர் உண்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. அந்தக் கேள்வியையே தலைப்பின் முன்னால் வைத்துவிடலாம்.

```html
<title>பாம்பன் பாலம்: 1914 முதல் இன்று வரை</title>
<title>ஷெர்சர் தூக்கு இயங்கிய விதம் – பாம்பன் பாலம், பக்கம் 2</title>
<title>1964 புயலும் மறுசீரமைப்பும் – பாம்பன் பாலம், பக்கம் 3</title>
<title>அகலப் பாதைக்கு மாற்றம் – பாம்பன் பாலம், பக்கம் 4</title>
<title>2025 செங்குத்துத் தூக்கு – பாம்பன் பாலம், பக்கம் 5</title>
```

முதல் தலைப்பு மட்டும் பாலத்தின் பெயரோடு தொடங்குகிறது. பொதுவாகத் தேடுகிறவர் எதைத் தட்டச்சு செய்வாரோ அந்தச் சொற்கள் அப்படியே, வேற்றுமை உருபு எதுவும் ஒட்டாமல், முதலில் நிற்கின்றன. பின்னால் வரும் நான்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத் தமக்கே உரிய பொருளோடு தொடங்குகின்றன. ஆனாலும் பாலத்தின் பெயரை அவை அடியோடு விட்டுவிடவில்லை. ‘1964 புயலும் மறுசீரமைப்பும்’ என்று மட்டும் இருந்தால் எந்த ஊர், எந்தக் கட்டுமானம் என்றே தெரியாது. புயலோடு பாம்பனையும் சேர்த்துத் தேடுகிறவர் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? பெயர் இருக்கட்டும், பின்னால் இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

முதல் பக்கத்தில் ‘பக்கம் 1’ என்று போடாததும் தெரிந்தே செய்தது. அந்த எண் அதை முழுக் கட்டுரையின் முகப்பு என்ற நிலையிலிருந்து ஒரு துண்டாக இறக்கிவிடும். ‘5இல் 3’ என்று மொத்த எண்ணிக்கையைச் சேர்ப்பதும் நல்ல யோசனைபோலத் தோன்றும். நாளை ஒரு பகுதியை நீட்டி ஆறு பக்கமாக்கினால் எல்லாத் தலைப்பும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். எண்ணிக்கையைப் பக்கத்தின் உள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிறவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இடம். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் எழுத்து எண்ணிக்கையால் அமைவதில்லை, திரையின் அகலத்தால் அமைகிறது. ஆங்கிலத்தில் ஐம்பது அறுபது எழுத்து அடங்கும் இடத்தில் தமிழ் எழுத்து அத்தனை அடங்காது. நம் எழுத்துகள் அகலமானவை, ‘கொ’, ‘ணை’ போன்றவை இன்னும் அகலம். இடம் போதாதபோது கடைசிப் பகுதி புள்ளிகளாகிவிடும். ‘பாம்பன் பாலத்தின் நூறாண்டு கடந்த வியத்தகு வரலாறு – பக்கம் 3’ என்று தலைப்பு வைத்தால், முடிவில் தெரிவது ‘பாம்பன் பாலத்தின் நூறாண்டு கடந்த…’ என்பதோடு நின்றுபோகலாம். எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்திலிருந்து பிரித்துக்காட்ட வேண்டுமோ அந்தச் சொல்லே காணாமல் போய்விட்டது. நான்கைந்து டேப்களைத் திறந்து வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம், டேபில் இரண்டு சொல் தெரிந்தாலே பெரிது. வேறுபாடு முன்னால் வர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. இதழின் பெயரை எல்லாத் தலைப்புக்கும் முன்னால் ஒட்டுகிற பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர் கூகுளின் வழிகாட்டியைக் காட்டி மறுக்கலாம். வரிசைப் பக்கங்களுக்கு ஒரே தலைப்பு இருந்தாலும் பரவாயில்லை, அவற்றை அடையாளம் கண்டுகொள்ள முயல்கிறோம் என்று அந்த வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. உண்மைதான். பொருள்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்ட ஒரு கடையின் பதினேழாம் பக்கத்துக்கு யாரும் தனித் தலைப்பு யோசிக்க முடியாது, யோசிக்கத் தேவையும் இல்லை. ஒரே தலைப்பு வைத்ததற்காகத் தண்டனை எதுவும் கிடைக்காது என்பதே அந்த வரியின் பொருள். ஆனால் முயற்சி எப்போதும் வெல்லும் என்று அது உறுதி தரவில்லை. பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உழைத்து எழுதிய கட்டுரையில் அந்த முயற்சியை நம்பிச் சும்மா இருப்பது தன் உழைப்பைத் தானே மறைப்பதாகும்.

தலைப்பை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. கூகுள் நாம் எழுதிய தலைப்பை எப்போதும் அப்படியே காட்டுவதில்லை. 2021 ஆகஸ்ட்டில் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது மாற்றியபோது தளக்காரர்கள் பலர் தங்கள் தலைப்பு வேறாகி வருவதைக் கண்டு திடுக்கிட்டார்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு, வேறு இடங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வரும் லிங்கின் சொற்கள் போன்றவற்றையும் பார்த்து அது முடிவெடுக்கிறது. ஆகவே மூன்றாம் பக்கத்தின் `<title>` வரியில் ‘1964 புயல்’ என்று எழுதிவிட்டு, பக்கத்தின் உச்சியில் ‘பாம்பன் பாலம்: 1914 முதல் இன்று வரை’ என்று கொட்டை எழுத்தில் விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. பெரிய எழுத்தில் புயல் பகுதியின் பெயர் வர வேண்டும். கட்டுரையின் பெயர் அதற்கு மேலே சிறிய எழுத்தில், முதல் பக்கத்துக்கான லிங்காக இருக்கலாம்.

லிங்குகளில் இருக்கும் சொற்களும் இப்படித்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘அடுத்த பக்கம்’ என்று மட்டும் இருந்தால் தேடுபொறிக்கும் வாசகருக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. ‘அடுத்து: 1964 புயலும் மறுசீரமைப்பும்’ என்று இருந்தால் இருவருக்கும் சேதி போகிறது. பின்பக்கங்கள் எல்லாவற்றிலிருந்தும் முதல் பக்கத்துக்கு ஒரு லிங்க் இருப்பது நல்லது என்று கூகுளே பரிந்துரைக்கிறது. வாசகர் வந்து இறங்க ஏற்ற இடம் தொடக்கம்தான் என்பதற்கு அது ஒரு குறிப்பாக அமைகிறது. அந்த லிங்க் `/pamban/` என்ற ஒரே முகவரிக்குப் போக வேண்டும். ‘1’ என்ற எண்ணைத் தட்டினால் `/pamban/?page=1` என்ற வேறொரு முகவரிக்குப் போகும்படி சில தளங்கள் அமைந்திருக்கின்றன. அப்போது முதல் பக்கத்துக்கே ஓர் இரட்டை பிறந்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டினால் கூடவே ஒரு சிறு அட்டையும் வருகிறதே, அதன் தலைப்பு பெரும்பாலும் `og:title` என்ற வேறொரு வரியிலிருந்து வருகிறது. `<title>` வரியை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது மிகச் சாதாரணம். அப்படி மறந்தால் புயல் பகுதியை நண்பருக்கு அனுப்புகிறவரின் திரையில் முதல் பக்கத்தின் பெயரே தெரியும்.

இனி, முதல் பக்கத்தைக் காப்பாற்றப் போய் மற்றப் பக்கங்களை அழித்துவிடும் இரண்டு வழிகள். இரண்டும் அதிகமாகக் கையாளப்படுகின்றன, இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

முதலாவது `canonical` என்ற குறியைத் தவறாக இடுவது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால் அவற்றில் எது மூலம் என்று சொல்லும் குறி அது. கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009இல் அறிமுகப்படுத்தின. பின்பக்கங்கள் போட்டியிடுகின்றனவா, எல்லாவற்றிலும் முதல் பக்கமே மூலம் என்று எழுதிவிடுவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றாம் பக்கம் முதல் பக்கத்தின் நகல் இல்லை, அதில் இருப்பது வேறு செய்தி. தேடுபொறி அந்தக் குறியை நம்பினால் புயல் பகுதி முழுவதும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நம்பாவிட்டால் குறி இட்டும் பயனில்லை. கூகுளின் வழிகாட்டி இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தன்னைத்தானே மூலமாகக் காட்ட வேண்டும்.

```html
<link rel="canonical" href="https://example.com/pamban/3/">
```

இரண்டாவது, பின்பக்கங்களில் `noindex` என்று எழுதி அவற்றைப் பட்டியலிலிருந்தே விலக்குவது. போட்டி நிச்சயம் ஓயும், ஆனால் ஐந்தில் நான்கு பங்கு எழுத்தும் தேடலிலிருந்து மறையும். அப்படி நெடுநாள் விலக்கி வைத்த பக்கங்களில் இருக்கும் லிங்குகளையும் கூகுள் காலப்போக்கில் பின்தொடர்வதை விட்டுவிடும். அந்தப் பக்கங்கள் வழியாக மட்டுமே போய்ச் சேர முடிகிற பழைய கட்டுரைகளும் சேர்ந்து மங்கத் தொடங்கும்.

பக்கங்களாகப் பிரிந்த ஒரே கட்டுரைக்குச் சொன்னது இவ்வளவு. வாரம் ஒன்றாக வரும் தொடருக்கு அளவு கொஞ்சம் மாறும். தமிழ் வாசகருக்குத் தொடர் என்றதும் நினைவுக்கு வருவது ‘பொன்னியின் செல்வன்’. 1950இலிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்து, ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களுமாக நிறைந்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்பதால் இணையத்தில் பல தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கிறது. தேடல் என்ற கோணத்தில் பார்த்தால் அந்தத் தளங்களுக்குக் கல்கி பெரிய உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தனிப்பெயர் இருக்கிறது. ‘ஆடித் திருநாள்’, ‘ஆழ்வார்க்கடியான் நம்பி’, ‘விண்ணகரக் கோயில்’, ‘கடம்பூர் மாளிகை’, ‘குரவைக் கூத்து’ என்று முதல் ஐந்தைப் பார்த்தாலே தெரியும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று வர வழியே இல்லை.

விக்கிமூலத்தில் இவை நூலின் பெயர், பாகத்தின் பெயர், அத்தியாயத்தின் பெயர் என்ற வரிசையில் சாய்கோடிட்டு அமைந்திருக்கின்றன. நூலகம் அடுக்குவதற்கு ஏற்ற முறை அது. நூல் தெரிந்து உள்ளே போகிறவருக்கு வசதியானது. ஆனால் 293 பக்கங்களும் ஒரே இரண்டு சொற்களோடு தொடங்குகின்றன. தனியாக ஒரு தொடரை வெளியிடும் இதழ் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே நல்லது. ‘குரவைக் கூத்து – பொன்னியின் செல்வன், புது வெள்ளம் 5’ என்று அத்தியாயத்தின் பெயர் முன்னே வரட்டும். ‘பொன்னியின் செல்வன்’ என்று தொடங்கும் தலைப்பு ஒரே ஒரு பக்கத்துக்கு இருக்கட்டும்.

அந்த ஒரு பக்கம் எது என்பதில்தான் தொடர் வேறுபடுகிறது. ஐந்து பக்கக் கட்டுரையில் அது முதல் பக்கம். தொடரிலோ முதல் அத்தியாயமும் 293இல் ஒன்றுதான், நூலின் பெயரைத் தேடுகிறவர் நேரே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் போய் நிற்க வேண்டியதில்லை. எல்லா அத்தியாயங்களையும் பெயரோடு பட்டியலிட்டு, கதை எதைப் பற்றியது என்று சில பத்திகளில் சொல்லும் முகப்புப் பக்கம் ஒன்று தேவை. நூலின் பெயர் அதற்கே சொந்தம். பல இதழ்கள் தொடரைத் தொடங்கும்போது இந்த முகப்பை அமைப்பதில்லை. முதல் பகுதிக்குத் தொடரின் பெயரையே வைத்துவிட்டு, அடுத்த வாரம் முதல் ‘பகுதி 2’, ‘பகுதி 3’ என்று எண் போட்டுக்கொண்டே போகிறார்கள். முப்பது வாரம் கழித்து எந்தப் பகுதியில் என்ன வந்தது என்று எழுதியவருக்கே நினைவிருக்காது. தலைப்பைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

போட்டி நடக்கிறதா என்று அறிய ஊகம் தேவையில்லை. தளத்தை வைத்திருப்பவருக்குக் கூகுள் `Search Console` என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. அதில் `Performance` பகுதிக்குப் போய், தேடல் சொல்லாக ‘பாம்பன் பாலம்’ என்று வடிகட்டி, பிறகு `Pages` என்பதைத் தட்டினால், அந்தச் சொல்லுக்கு எந்தெந்தப் பக்கங்கள் எத்தனை முறை காட்டப்பட்டன என்று வரிசையாக வரும். முதல் பக்கம் மேலே இருந்து, மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஐந்தாம் பக்கம் முதல் பக்கத்தைத் தாண்டி நின்றாலோ, இரண்டும் ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது என்று மாறி மாறி வந்தாலோ மோதல் இருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு ‘1964 புயல்’ என்ற சொல் இருக்கும் தேடல்களை வடிகட்டிப் பார்க்க வேண்டும். அங்கே மூன்றாம் பக்கம் முன்னால் இருக்க வேண்டும். பல பக்கங்கள் தேடலில் வருவது குற்றமில்லை, ஒவ்வொன்றும் தனக்குரிய கேள்விக்கு வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

தலைப்பைத் திருத்திய மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. தேடுபொறி ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி வந்து படிக்க வேண்டும். சில பக்கங்களுக்கு அது சில நாளில் நடக்கும், அதிகம் படிக்கப்படாத பக்கங்களுக்குப் பல வாரம் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி மாற்றினால் எந்த மாற்றம் என்ன செய்தது என்றே தெரியாமல் போகும். திருத்திய தேதியைக் குறித்துவைத்துவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே வடிகட்டலை மறுபடி பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ‘பாம்பன் பாலம்’ என்ற தேடலுக்கு ஐந்தாம் பக்கமே முன்னால் நின்றால்? அதற்கு வாய்ப்பு உண்டு. 2025க்குப் பிறகு பாம்பன் பாலம் என்று தேடும் பலர் மனத்தில் வைத்திருப்பது புதிய பாலத்தைத்தான். கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே எழுவதைப் பார்க்கவே அவர்கள் வருகிறார்கள். அவர்களை வலுக்கட்டாயமாக 1914க்கு அனுப்பினால் அவர்கள் கேட்டது கிடைக்காது. தலைப்பை இன்னும் வளைப்பதில் பயனில்லை, கட்டுரையின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஐந்தாம் பக்கத்தை வரிசையிலிருந்து எடுத்து, தொடக்கம் முடிவு உள்ள தனிக்கட்டுரையாக எழுதி, ‘புதிய பாம்பன் பாலம்’ என்ற பெயரோடு தனி முகவரியில் வைக்கலாம். பழைய `/pamban/5/` முகவரிக்கு வருகிறவர்கள் தானாகவே அங்கே போய்ச் சேரும்படி 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை அமைத்துவிட்டால், இதுவரை பகிரப்பட்ட லிங்குகள் எதுவும் உடையாது. வரலாற்றுக் கட்டுரை நான்கு பக்கங்களோடு நிற்கும். அதன் நான்காம் பக்கத்தின் முடிவில், 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதைச் சொல்லும் இடத்தில், புதிய கட்டுரைக்கு ஒரு லிங்க் இருக்கும்.